எங்கள் நெல்லாலைக் கம்பனியின் பங்குதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான சக பங்குதாரர்களுக்கு,

போன கிழமை உங்கள் எல்லோருக்கும் அந்த நீளமான உறை வந்திருக்கும். புதிய உலர்த்தி இயந்திரத்துக்கு 2 கோடி ரூபாய் தேவையாம். பாதியை முன்னுரிமைப் பங்குகளாகவும் பாதியை மாற்றத்தக்க தொகுதிக்கடனாகவும் திரட்டப் போவதாகப் பணிப்பாளர் சபை எழுதியிருக்கிறது. களுவாஞ்சிகுடிச் சந்தியில் தேநீர் குடிக்கப் போன இடத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இது பங்கா, கடனா சேர்?" வங்கியில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் கேட்கிறார்கள். அங்கே நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் வயல்களையே நினைத்துப் பாருங்கள். ஒருவர் காணியைக் குத்தகைக்கு விட்டால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டை அவருக்கு வந்தாக வேண்டும். வாரத்துக்கு விட்டால் விளைச்சலில் பங்கு; வெள்ளம் வந்தால் அவருக்கும் வெறுங்கைதான். கடன் குத்தகையைப் போன்றது. நாம் வைத்திருக்கும் சாதாரண பங்கு வாரத்தைப் போன்றது. இப்போது வருகிற இரண்டும் நடுவில் நிற்பவை. முன்னுரிமைப் பங்குக்காரர் "விளைந்தால் முதல் பத்து மூட்டை எனக்கு, அதற்கு மேலே வேண்டாம்" என்கிறார். மாற்றத்தக்க தொகுதிக்கடன்காரர் "இப்போதைக்குக் குத்தகை, ஆனால் பயிர் நன்றாக நிற்பதைப் பார்த்தால் வாரத்துக்கு மாறிக்கொள்வேன்" என்கிறார். இரண்டாமவர் கொஞ்சம் கெட்டிக்காரர்.

முதலில் முன்னுரிமைப் பங்கு. 100 ரூபாய்ப்படி ஒரு இலட்சம் பங்குகள், வருடத்துக்கு 12 சதவீதம். ஆக, நமக்கு ஒரு சதம் வருவதற்கு முன் அவர்களுக்கு 12 இலட்சம் போக வேண்டும். சிலர் இதை நிலையான வைப்பு என்று நினைத்துக்கொண்டு வாங்கக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இது வட்டி அல்ல, பங்குலாபம். பணிப்பாளர்கள் அறிவித்தால்தான் வரும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கொடுத்த பிறகும் கம்பனி தன் கடன்களைத் தீர்க்கும் நிலையில் இருக்குமா என்று பார்த்த பின்னரே கொடுக்கலாம். வட்டி தவறினால் தொகுதிக்கடன்காரர் வழக்குப் போடலாம். அறிவிக்காத பங்குலாபத்துக்கு முன்னுரிமைப் பங்குக்காரர் அப்படிப் போக முடியாது. பெரும்பாலும் அவருக்கு வாக்கும் இராது.

அறிவித்தலில் 'திரளும்' என்ற சொல் இருக்கிறது. அதன் கனம் இப்படி. இரண்டு பெரும்போகம் அடுத்தடுத்து வெள்ளத்தில் போகிறது, ஆலைக்கு வருடம் 10 இலட்சம்தான் இலாபம் என்று வையுங்கள் (வரியை விட்டுவிடுகிறேன்). தொகுதிக்கடனுக்கு 10 சதவீத வட்டி, அதுவே 10 இலட்சம். முன்னுரிமைப் பங்குக்கு ஒன்றுமில்லை, நமக்கும் இல்லை. ஆனால் அவர்களுடைய 24 இலட்சம் நிலுவையாகத் தேங்கி நிற்கிறது. மூன்றாம் வருடம் ஆலை நன்றாக ஓடி 60 இலட்சம் வருகிறது. வட்டி 10 போக 50. பழைய 24, அந்த வருடத்து 12, ஆக 36 அவர்களுக்கு. நமது 10 இலட்சம் பங்குகளுக்கு மிச்சம் 14 இலட்சம், பங்குக்கு 1 ரூபாய் 40 சதம். நிலுவை இல்லாதிருந்தால் 3 ரூபாய் 80 சதம் கிடைத்திருக்கும்.

இதைப் பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. கணக்குத் தெளிவாக இருக்கிறது, நமக்குத் தெரிந்தே சம்மதிக்கலாம்.

தொகுதிக்கடன்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஒவ்வொன்றும் 100 ரூபாய், ஐந்து வருடத்தில் முதல் திரும்ப வரும். வேண்டுமானால் அதற்குப் பதிலாக, 50 ரூபாய் விலைப்படி, இரண்டு சாதாரண பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். நம் பங்கு கடைசியாகக் கைமாறிய விலை 40. இன்றே மாற்றினால் 80 ரூபாய்ப் பெறுமதிதான், ஆகவே யாரும் மாற்ற மாட்டார்கள். பங்கு 70 ஆனால் 140, அப்போது மாற்றுவார்கள். 30க்கு விழுந்தாலும், கம்பனி தாக்குப்பிடித்தால், வைத்திருந்து 100ஐ வாங்கிக்கொள்வார்கள். இந்த வசதிக்காகத்தான் 10 சதவீத வட்டிக்கு ஒத்துக்கொள்கிறார்கள். வெறும் கடன் என்றால் கூடுதலாகக் கேட்டிருப்பார்கள்.

மாற்றினால் பங்குகள் 12 இலட்சமாகும். ஆயிரம் பங்கு வைத்திருப்பவரின் பங்கு 0.1 சதவீதத்திலிருந்து 0.083க்கு இறங்கும். ஆனால் வட்டியும் நின்றுவிடுகிறது. 60 இலட்சம் இலாபத்தில் முன்னுரிமைக்கு 12 போக 48, அதை 12 இலட்சம் பங்குக்குப் பிரித்தால் 4 ரூபாய். முன்னர் 3.80 ஆக இருந்தது, கூடியிருக்கிறது! இலாபம் 72 இலட்சம் ஆகும்போது மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் 5 ரூபாய்தான். அதற்கு மேலேதான் நமக்குக் குறையும்: 120 இலட்சம் வந்தால் மாற்றாமல் 9.80, மாற்றினால் 9. ஆலை நன்றாக ஓடினால்தான் அவர்கள் உள்ளே வருவார்கள், நாம் விட்டுக்கொடுப்பதும் அந்த நல்ல வருடத்தில்தான். இதுவும் நியாயமான பேரம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் ஏன் இந்த மடல்? அறிவித்தலின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஒரு வரி: மாற்றும் நாளில் சபை தீர்மானிக்கும் பெறுமதியிலிருந்து 20 சதவீதம் குறைத்த விலை 50க்குக் கீழே இருந்தால், அந்த விலையிலேயே மாற்றலாம். நம் பங்கு கொழும்புப் பங்குச் சந்தையில் இல்லை. தினமும் விலை சொல்ல யாருமில்லை. வெள்ளம் வந்த வருடத்தில் சபை பெறுமதியை 12 ரூபாய் 50 சதம் என்று போட்டால் மாற்று விலை 10 ரூபாய். ஒரு தொகுதிக்கடனுக்கு இரண்டுக்குப் பதில் பத்துப் பங்கு. புதிதாக 10 இலட்சம் பங்குகள், அதாவது ஆலையில் சரிபாதி. பங்கு எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்கு அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும், அந்தக் கூடுதல் பங்குகளே விலையை இன்னும் இறக்கும். பயிர் நன்றாக நின்றால் மாறுவதாகச் சொன்னவர், பயிர் அழுகினாலும் பாதிக் காணிக்கு வருகிறார்.

கணக்காளர்களும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். நிலையான விலை என்றால், இலங்கைக் கணக்கீட்டு நியமம் 32இன்படி, இந்தத் தொகுதிக்கடனை ஐந்தொகையில் இரண்டாகப் பிரித்து, மாற்றும் உரிமையின் பெறுமதியை உரிமையாளர் பக்கம் காட்டலாம். எத்தனை பங்கு என்பதே ஆடும்போது அப்படிக் காட்ட முடியாது, அதுவும் பொறுப்புப் பக்கம் போய்விடும். நம் கணக்காய்வாளரிடம் இதைக் கூட்டத்தில் கேளுங்கள்.

ஆலை மூடப்பட்டால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்டார்கள். எல்லாம் விற்று 3 கோடி வந்து, வங்கிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றரைக் கோடி போனால், அடுத்து தொகுதிக்கடன்காரர் தங்கள் ஒரு கோடியை எடுப்பார்கள். மிச்சம் 50 இலட்சம் முன்னுரிமைப் பங்குக்காரருக்கு, அவர்களுக்கும் பாதிதான். நமக்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் நான் கேட்கப் போவது: அந்த வரியை வெட்டி 50 ரூபாயை நிலையாக எழுதுங்கள், பங்கு பிரிக்கப்பட்டால் அதே விகிதத்தில் மட்டும் மாறட்டும். முன்னுரிமைப் பங்குகளை என்றைக்கு, என்ன விலைக்குக் கம்பனி திரும்ப வாங்கும் என்று திகதி போடுங்கள். அறிவித்தலில் அது இல்லை. அதோடு, கம்பனியின் அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், நமக்கு மேலே நிற்கும் புதிய பங்குகளை முதலில் நமக்கே விகிதப்படி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. அந்த விதிப் புத்தகத்தின் பிரதியையும் மேசையில் வையுங்கள்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் பதிலாள் படிவத்தை வெறுமையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டாம். இந்தத் தீர்மானத்துக்கு ஆமா, இல்லையா என்பதை நீங்களே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், 1,000 பங்குகள் வைத்திருப்பவர்
களுவாஞ்சிகுடி