நடுவில் வைத்த தட்டும் சுழலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒளியின் கோண உந்தத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஒரு கருத்தில் வாசகர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. வட்டத் தளவிளைவுற்ற கற்றையில் ஆற்றல் நேராக முன்னோக்கியே பாய்வதாலும், சுற்றி ஓடும் சிறு பாய்வு கற்றையின் விளிம்பில் மட்டுமே இருப்பதாலும், அகன்ற கற்றையின் நடுவில் வைத்த சிறிய கறுப்புத் தட்டு சுழலாது என்று அது சொல்கிறது. அந்தத் தட்டு சுழலவே செய்யும்.

தட்டின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஒளியின் மின்புலம் ஒரே அளவில் இருந்துகொண்டு, ω என்ற கோண அதிர்வெண்ணில் சுழல்கிறது. பொருளில் அது தூண்டும் இருமுனைகளும் அதே வேகத்தில் சுழல்கின்றன. ஆனால், ஒளியை உட்கவரும் பொருளில் அவை புலத்துக்குச் சற்றுப் பின்தங்கியே சுழலும். அந்தப் பின்தங்கலால் ஒவ்வோர் இருமுனையின் மீதும் ஒரு திருப்பு விசை செயல்படுகிறது. அதே பின்தங்கல்தான் உட்கவர்தலுக்கும் காரணம் என்பதால், உட்கவரப்படும் திறனை ω-ஆல் வகுத்தால் திருப்பு விசை கிடைத்துவிடும். கற்றையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியே இங்கு எழவில்லை. பாய்வுக் கணக்கிலும் முரண்பாடு இல்லை: தட்டு தன் பின்னால் நிழலை வீழ்த்துகிறது, அந்த நிழலின் ஓரத்தில் ஒளிச்செறிவு மாறுவதால், கட்டுரையாளர் தேடிய சுற்றுப்பாய்வு அங்கே உருவாகிவிடுகிறது.

600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியில் 1 வாட்டைத் தட்டு முழுவதுமாக உட்கவர்ந்தால், திருப்பு விசை ஏறத்தாழ 3.2 × 10⁻¹⁶ நியூட்டன் மீட்டர். இது மிகச் சிறிய அளவு. அதே ஒளியின் அழுத்தத்தால் வரும் விசை 3.3 × 10⁻⁹ நியூட்டன். கற்றை 1 மில்லிரேடியன் சாய்ந்து, அச்சிலிருந்து 0.1 மில்லிமீட்டர் விலகி விழுந்தாலே, அந்த அழுத்தம் மட்டும் இதே அளவு திருப்பு விசையைத் தந்துவிடக்கூடும். அதோடு, உட்கவரும் தட்டு சூடாகிறது. எஞ்சியிருக்கும் வாயுவின் மூலக்கூறுகள் சூடான பரப்பில் மோதி மீளும்போது, தேடும் விளைவை விடப் பெரிய விசைகளை உண்டாக்கிவிடலாம்.

1936-இல் ஒளியின் கோண உந்தத்தைச் சோதனையில் அளந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் பெத், கறுப்புத் தட்டுக்குப் பதிலாக, நுண்ணிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்ட குவார்ட்ஸ் அரை அலைத் தகட்டைப் பயன்படுத்தியதன் பொருத்தம் இதிலிருந்து புரியும். ஒளி அதன் வழியே ஊடுருவிச் செல்வதால் அது அதிகம் சூடாவதில்லை. மேலும், அது ஒளியின் சுழல்திசையைத் தலைகீழாக்குவதால், உட்கவரும் தட்டு பெறுவதைப் போல இரு மடங்கு கோண உந்தத்தைப் பெறுகிறது. கால் அலைத் தகடும் ஆடியும் கொண்டு ஒளியை அதன் வழியாகவே திருப்பி அனுப்பி, பெத் அதை மீண்டும் இரட்டிப்பாக்கினார். விழும் ஒளியை வலஞ்சுழியிலிருந்து இடஞ்சுழிக்கு மாற்றினால் கோண உந்தத்தால் வரும் திருப்பு விசை மட்டும் திசை மாறும். அழுத்தமும் சூடும் தருபவை மாறா. இரண்டையும் பிரித்தறிய உதவுவது அந்தத் திசைமாற்றமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மதுரை.