மாப்பிள்ளையின் இடுப்பு ஆபரேஷனுக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள அம்முவுக்கு,

வெளிநாட்டில் ஆபரேஷன் செய்துகொள்ள நீ அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். மாப்பிள்ளையின் இடுப்பு மூட்டை மாற்ற நல்ல டாக்டரைத்தான் பிடித்திருக்கிறீர்கள், அதில் எனக்குக் கவலை இல்லை. தங்குமிடத்தை ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பக்கம் என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். எலும்பு வார்டில் வேலை பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், பணம் கட்டுவதற்கு முன் அந்த அறையில் கட்டில், நாற்காலி, கமோடு எல்லாம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேள்.

காரணம் இதுதான். புது மூட்டு ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் பந்தும். பின்பக்கமாகத் திறந்து மூட்டை வைத்தால், அங்கே வெட்டித் தைத்த தசைகள் ஆறும்வரை பந்தைப் பிடித்து வைக்கப் போதிய பலம் இருக்காது. அந்த நாட்களில் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கினாலோ, ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போட்டாலோ, பாதத்தை உள்பக்கம் திருப்பினாலோ பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை இந்தக் கவனம் வேண்டும் என்பார்கள். முன்பக்கமாகத் திறந்தால் விதிகள் வேறு. அதில் காலைப் பின்னால் நீட்டுவதும் வெளிப்பக்கம் திருப்புவதும்தான் பயம். சில டாக்டர்கள் இவ்வளவு கட்டுப்பாடு சொல்வதும் இல்லை. அதனால் வீடியோ காலில் டாக்டரிடம், 'எந்தப் பக்கமாகத் திறப்பீர்கள், என்னென்ன செய்யக்கூடாது, எத்தனை வாரம்?' என்று முதலில் கேட்டுவிடு. மற்ற ஏற்பாடெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

பின்பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 48 சென்டிமீட்டர் என்று அளந்து சொன்னாய். உட்காரும்போது அவர் முழங்கால் இடுப்பை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். அதனால் உட்காரும் இடம் 48-க்கு மேலே, ஒரு 52, 53 இருந்தால் நிம்மதி. சாதாரண கமோடு 40 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதன்மேல் பொருத்துகிற உயர இருக்கை 10 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 50தான் வருகிறது. அது போதும், ஆனால் அந்த இருக்கை இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது. கட்டிலை அளக்கும்போது மெத்தையில் ஒருவர் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல். பார்ப்பதற்கு 55 இருக்கிற மெத்தை உட்கார்ந்ததும் 46-க்கு அமுங்கிவிடும். சோஃபா பக்கம் அவர் போகவே வேண்டாம். கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலி ஒன்று அறையில் இருக்கட்டும்.

லிஃப்ட் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும், வாசலிலிருந்து லிஃப்ட் வரை படி உண்டா என்று கேள். குளியலறை வாசலில் வாக்கர் நுழையுமா, உள்ளே சுவரில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று போட்டோ கேட்டு வாங்கு. தரையில் கிடக்கிற சின்ன விரிப்புகளைப் போனவுடன் சுருட்டி ஓரமாக வைத்துவிடு. இதையெல்லாம் கேட்டால் சலித்துக்கொள்கிற இடம் நமக்கு வேண்டாம். ஏஜெண்ட் சொல்கிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதே. சிலருக்கு அதில் கமிஷன் உண்டு, படி எத்தனை என்பது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கத் தனிப் பிரிவு இருந்தால் அவர்களிடம், 'மூட்டு மாற்றியவர்கள் வழக்கமாக எங்கே தங்குவார்கள்?' என்று கேள்.

போனதும் முதல் இரண்டு மூன்று நாட்கள் பரிசோதனைக்கே சரியாகிவிடும். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, புது எக்ஸ்ரே, மயக்க மருந்து டாக்டரின் சோதனை எல்லாம் இருக்கும். பல்லில் சீழ், தோலில் புண், சிறுநீரில் கிருமி ஏதாவது இருந்தால் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிடுவார்கள். உடம்பில் எங்கோ இருக்கிற கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்தால் அதை விரட்டுவது பெரும்பாடு. பல் டாக்டரை இங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல். எம்ஆர்ஐ படத்தைத் தாளில் மட்டும் கொண்டு போகாமல் சிடியிலோ பென் டிரைவிலோ எடுத்துப் போ.

மாப்பிள்ளை, இது உங்களுக்கு. நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை, எப்போதாவது போடும் வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதையும் மறைக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை ஏதாவது இருந்தால் எப்போது நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் திட உணவை 6 மணி நேரமும் தண்ணீரை 2 மணி நேரமும் நிறுத்துவது பொதுவான வழக்கம். அவர்கள் வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். எந்தக் காலில் ஆபரேஷனோ அந்தக் காலில் பேனாவால் குறி போடுவார்கள். நீங்கள் விழித்திருக்கும்போதே அதைப் போடச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மு, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மொழி புரியவில்லை என்றால் ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல். ஏஜெண்ட் விளக்குவதை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம். பேக்கேஜில் எது சேராது என்றும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள். கூடுதல் நாட்கள், ஐசியூ, பிசியோ, வாக்கர், உன் சாப்பாடு, இதெல்லாம்தான் பெரும்பாலும் வெளியே நிற்கும்.

வார்டில் பொதுவாக ஒருவரைத்தான் கூட இருக்க விடுவார்கள். அந்த நாட்களில் நீ ராத்திரி முழுவதும் விழித்திருக்க வேண்டியதில்லை, அதற்கு நர்ஸ் இருக்கிறார். பிசியோ வரும் நேரத்தில் மட்டும் எங்கும் போய்விடாதே. கட்டிலிலிருந்து எழுப்புவது, படி ஏற்றுவது, காரில் ஏற்றுவது மூன்றையும் அவர் எதிரிலேயே நீ செய்து காட்டிவிட வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

டிஸ்சார்ஜ் அன்று எந்தக் கார் வருகிறது என்பதை முந்தின நாளே பேசி வை. ரொம்பத் தாழ்வான கார் வேண்டாம், எம்பி ஏற வேண்டிய உயரமான வண்டியும் வேண்டாம். டிரைவர் பக்கத்து முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்வைச் சரித்து, பள்ளமாக இருந்தால் கெட்டியான குஷன் வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிடு. அவர் முதுகைக் காட்டி நின்று, சீட் காலில் தட்டும்வரை பின்னால் வந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னே நீட்டியபடி உட்காரட்டும். பிறகு பின்னால் சாய்ந்துகொண்டே இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பை வழுக்குவதால் உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் திரும்பும். திரும்பியதும் பையை உருவிவிடு. வண்டி எடுத்த பிறகு அது கீழே இருந்தால் பிரேக் போடும்போது வழுக்கும். கார் நடைபாதையை ஒட்டி நின்றால் நடைபாதையில் நின்று உட்கார்வது இன்னும் தாழ்வாகிவிடும். சாலையின் சமதளத்தில் நின்று ஏறட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையக் கவலைப்படாதே. முதல் நாள் குமட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. பெரிய தொல்லை மலச்சிக்கல்தான். பலமான வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும், நடையும் குறைவு. தண்ணீர், பழம், காய்கறி முதல் நாளிலிருந்தே இருக்கட்டும், மலமிளக்கி வேண்டுமா என்று டாக்டரிடம் நீயே கேள். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையோ பருப்போ பாலோ எது அவருக்கு ஒத்துக்கொள்ளுமோ அது. சின்னச் சமையலறை உள்ள அறை கிடைத்தால் நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான். பசிக்கிற நேரத்தில், பழகிய சாப்பாட்டை, கொஞ்சமாகக் கொடுக்க முடியும். பாத்திரம், தண்ணீர், மாத்திரை எல்லாம் அவர் குனியாமல் எடுக்கிற உயரத்தில் வை. கீழே விழுந்ததை எடுக்க நீளமான இடுக்கி ஒன்று வாங்கிக் கொடு.

அறைக்கு வந்த பிறகு சில விஷயங்களை உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். திடீரென்று இடுப்பில் கடும் வலி வந்து, அந்தக் கால் குட்டையாகத் தெரிந்து, ஊன்ற முடியவில்லை என்றால் மூட்டு நழுவியிருக்கலாம். நீயே இழுத்துச் சரி பண்ணப் பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே. புண்ணில் கசிவு நிற்காமல் கூடிக்கொண்டே போனாலும், சிவப்பு பரவினாலும், காய்ச்சல் அடித்தாலும் அன்றே போ. மறுநாள் பார்க்கலாம் என்று விடாதே. பகல் நேர எண்ணோடு ராத்திரி எண்ணையும் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வை.

தையலையோ பின்னையோ பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். திரும்பும் டிக்கெட்டை அதற்கு அடுத்த நாளுக்கே போட்டிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். மூட்டு மாற்றிய முதல் வாரங்களில்தான் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து அதிகம். மணிக்கணக்கில் மடங்கி உட்காரும் நீண்ட விமானப் பயணம் அதைக் கூட்டும். உறையாமல் தடுக்கிற ஊசியையோ மாத்திரையையோ 5 வாரம் வரைகூடக் கொடுப்பதுண்டு. எப்போது பறக்கலாம் என்பதை டாக்டர் எழுத்தில் கொடுக்கட்டும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்கு, விசாவும் அறையும் அதற்குப் பிறகும் சில வாரம் இருக்கும்படி பார்த்துக்கொள். சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடு. கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று அவசர வழி சீட்டைக் கேட்காதே, நடக்கச் சிரமப்படுபவருக்கு அதைத் தரமாட்டார்கள். நடைபாதை ஓரச் சீட்டு கேள். அவர் அடிக்கடி எழுந்து நடக்கட்டும், நடுவே பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும்.

ஊசி மருந்தை டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் வை. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாமல் மூலப்பெயரும் இருக்கட்டும், அந்தக் கம்பெனி மருந்து இங்கே கிடைக்காமல் போகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி எக்ஸ்ரேயும் வாங்குவது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வைத்த மூட்டின் கம்பெனி, அளவு, லாட் எண் அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள், அதன் நகலையும் கேட்டு வாங்கு. பல வருடம் கழித்து அந்த மூட்டில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டி வந்தால், எது பொருந்தும் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

ஊருக்கு வந்த பிறகு யாரிடம் காட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். வேறு இடத்தில் செய்த ஆபரேஷன் என்றால் சில டாக்டர்கள் தயங்குவார்கள். நம் பக்கத்து எலும்பு டாக்டரிடம் நான் நாளைக்குப் பேசுகிறேன். 6 வாரத்துச் சோதனைக்கு அவர் ஒத்துக்கொண்டால் உனக்குத் தகவல் அனுப்புகிறேன், நீ அங்குள்ள டாக்டரிடம் அவர் பெயரைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா