அம்மன் கோயில் அன்னதான மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும் வரி கொடுத்த குடும்பத்தார் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் அருளால் அன்னதான மண்டப வேலை முழுவதும் முடிந்து, தை மாதக் கும்பாபிஷேகத்தன்று முதல் பந்தியும் அதில்தான் நடந்தது. மண்டபம் 40 அடி நீளம், 20 அடி அகலம். அடித்தளம், தூண், சுவர், தரை எல்லாம் ஊர் வரியில் செய்தவை. மேல்தளச் செலவு முழுவதையும் ஒரே உபயதாரர் ஏற்றார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அந்த மண்டபத்துக்கு அவர்தான் முதலாளி என்றே வேலையாட்கள் பேசினார்கள். வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. தளம் போட்ட பிறகு ஒரு மாதம் அதைத் தாங்கும் முட்டு அப்படியே நின்றதே, ஏன் என்று பலரும் கேட்டதால், அந்த ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறோம்.

கார்த்திகைக் கடைசியில் தளம் போட்டோம். ஐந்து இஞ்ச் கனம், எம் 20 கலவை, பி.பி.சி. சிமெண்ட். மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். பீமின் பக்கப் பலகைகளையும் அன்றே எடுத்துவிட்டார்கள். அவை வெறும் அடைப்புதான், பாரம் தாங்குவதில்லை. ஒன்பதாம் நாள் உபயதாரர் வந்தார். தளத்தைத் தட்டிப் பார்த்தார், கல் மாதிரி சத்தம் கேட்டது. பொங்கலுக்கு முன்னால் தரைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. முட்டு நிற்கும்போது டைல்ஸ் ஒட்ட வழியில்லை. தளத்துக்கு அடியில் பரப்பிய ஷீட்டுக்கும் முட்டு ஜாக்கிக்கும் நாள் வாடகை வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, நாளைக்கு எல்லாத்தையும் பிரிச்சிருங்க. என் வீட்டுக்கு எட்டாம் நாளே பிரிச்சாங்க, இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"உங்க வீட்டு ரூம் பத்தடி, அண்ணாச்சி. இது இருபதடி பீம். ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி சொன்னது சரிதானா என்று பொறியாளரிடம் கேட்டோம். கான்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456 விதியில் இது வெவ்வேறாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டை ஏழு நாளில் எடுக்கலாம். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமின் முட்டு 21 நாள் நிற்க வேண்டும். நம் பீம் இருபதடி, ஆறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது. இந்தக் கணக்கும் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குத்தான். பி.பி.சி. மெதுவாகத்தான் பலம் ஏறும், அதற்கு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தளம் போட்ட அன்று அதே கலவையில் சோதனைக்கு எடுத்த கியூப்களை ஏழாம் நாள் உடைத்துப் பார்த்ததில் பலம் சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 12.5 நியூட்டன் வந்திருந்தது. இருபத்தெட்டாம் நாள் வர வேண்டியது 20.

உபயதாரர் விடவில்லை. "மேல ஆளா ஏறப் போறாங்க? தன் பாரத்தைத் தாங்கினா போதாதா?" என்றார். அந்தத் தன் பாரம் எவ்வளவு என்று பொறியாளர் அங்கேயே சிமெண்ட் பையின் பின்பக்கம் போட்டுக் காட்டினார். ஐந்து இஞ்ச் தளம் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 29 கிலோ. பீம்கள் பத்தடிக்கு ஒன்றாக இருப்பதால், நடுவில் உள்ள ஒவ்வொரு பீமும் 200 சதுர அடித் தளத்தைச் சுமக்கிறது. பீமின் சொந்த எடையையும் சேர்த்தால் ஏழு டன். பாத்தித் தண்ணீர் இரண்டு இஞ்ச் நின்றால் இன்னும் ஏறக்குறைய ஒரு டன். கைப்பிடிச் சுவருக்கு ஏற்றி வைத்த செங்கல் அதற்கும் மேலே. ஆக, மேலே யாரும் ஏறாவிட்டாலும் பெரும் பாரம் வந்துவிடுகிறது.

இடிந்து விழும் என்று மேஸ்திரி சொல்லவில்லை, அதையும் குறிப்பிட வேண்டும். "விழாமலும் போகலாம், அண்ணாச்சி. ஆனா இளசா இருக்கும்போது தொய்ஞ்சா அந்தத் தொய்வு திரும்பாது. நடுவுல அடியில மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும். அதுல ஈரம் போயி கம்பி துருப்பிடிக்கும். அது தெரிய வருசம் ஆகும்" என்றார்.

சரி, மொத்தமாகப் பிரித்துவிட்டு பீமுக்கு அடியில் மட்டும் நாலு முட்டுத் திரும்பக் கொடுக்கலாமே என்று உபயதாரர் கேட்டார். மேஸ்திரி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டை எடுத்த நிமிடமே பீம் இறங்கிவிடும், பிறகு வைக்கிற முட்டு இறங்கின இடத்தில்தான் நிற்கும் என்றார். கூடுதலாக முறுக்கித் தூக்கினால் கம்பி குறைவாக உள்ள மேல்பக்கம் வெடிக்கும். வேறு ஆளை வைத்துப் பிரித்துக்கொள்கிறேன் என்று உபயதாரர் கோபமாகச் சொன்னபோது, "தாராளமா. ஆனா என் ஆளு ஒருத்தரும் அன்னைக்கு இந்தத் தளத்துக்கு அடியில நிக்க மாட்டாங்க. மத்தவங்களையும் நிக்க விடமாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. குழுவும் அவர் பக்கம்தான் நின்றது.

வழியையும் அவரே வைத்திருந்தார். சென்ட்ரிங் அடிக்கும்போதே பீமின் அடிப்பலகைக்குத் தனி முட்டு வரிசை கொடுத்து, தள ஷீட்டுகளை அதில் சிக்காமல் பக்கத்தில் வைத்திருந்தார். அதனால் பதினோராம் நாள் பத்தடித் தளத்தின் ஷீட்டுகளை மட்டும் கழற்ற முடிந்தது. பீம் முட்டில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஷீட் வாடகை அன்றோடு நின்றது. மிச்சம் ஓடியது ஜாக்கி வாடகைதான். அதற்குள் முட்டுகளுக்கு நடுவே ஓயரிங் வேலையும் மேல்பூச்சும் நடந்தன. ஒரு மாதம் வேலையே நடக்கவில்லை என்பது அதனால் சரியல்ல, நின்றது டைல்ஸ் மட்டும்தான்.

இருபத்தெட்டாம் நாள் கியூப் 24 காட்டியது. பொறியாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் மேஸ்திரியே நின்று பிரித்தார். முதலில் தூணிலிருந்து தூணுக்கு நூல் கட்டி, அதே மட்டத்தில் பீமின் நடுப்பக்கத்தில் பென்சில் கோடு போட்டார். சுத்தியலால் தட்டவில்லை. நடு ஜாக்கியைக் கால் சுற்று தளர்த்தி, பிறகு இரு பக்கமும் தூணை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். ஓரத்தை முதலில் எடுத்தால் நடு முட்டு மேல் பீம் உட்கார்ந்து மேலே வெடிக்குமாம். முன்பக்கம் நீட்டிய நாலடி சன்ஷேடுக்கு மட்டும் தலைகீழ். அங்கே நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி வந்தார்கள். எல்லாம் விட்ட பிறகு பென்சில் கோடு நூலுக்குக் கீழே ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. உபயதாரரும் ஏணியில் ஏறி டார்ச் அடித்து ஒவ்வொரு பீமின் அடியையும் பார்த்தார். விரிசல் எதுவும் இல்லை. மேஸ்திரியின் தோளில் கை வைத்து, "பொங்கல் முடிஞ்சு எப்ப வருதீங்க?" என்று மட்டும் கேட்டார்.

டைல்ஸ் வேலை பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள் முன்பு முடிந்தது. நீடித்த ஜாக்கி வாடகையை உபயதாரரே ஏற்றுக்கொண்டார், ஊர் வரியில் அது சேரவில்லை. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் ஒன்று மட்டும் பாக்கி, பங்குனிக்குள் பொருத்திவிடுவோம். வரைபடம், கியூப் சோதனைத் தாள்கள், பொறியாளரின் அனுமதிக் கடிதம் மூன்றும் கோயில் அலுவலகப் பீரோவில் இருக்கின்றன. பின்னாளில் மேலே மாடி எடுக்க நினைப்பவர்கள் முதலில் அவற்றைப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். இந்தத் தளம் ஒரு மாடியின் பாரத்துக்குக் கணக்கிட்டுப் போட்டதல்ல.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு