பகிர்தல் பாடத்துக்குக் கதை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான்கிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பல வருடங்களாகப் பாடம் சொல்லித் தருகிறேன். பகிர்தல் பாடத்தின் முதல் பக்கத்தில் நீங்கள் வைக்கும் சின்னக் கதையைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்தக் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு முயலிடம் கூடை நிறையப் பழம். யார் கேட்டாலும் தராது. பழமெல்லாம் அழுகிப் போகிறது, நண்பர்கள் விலகிப் போகிறார்கள், முயல் அழுகிறது, திருந்துகிறது. கீழே தடித்த எழுத்தில் 'நீதி' என்று ஒரு வரி. நானும் இந்தக் கதையைப் பல வருடம் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்த பத்தாவது நிமிடத்தில் அதே வகுப்பில் ஒரு பொம்மைக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

முதல் சிக்கல் அந்தக் கூடை. கூடை நிறைய வைத்திருப்பவர் இரண்டைக் கொடுப்பதில் என்ன வலி இருக்கிறது? குழந்தைகளுக்குள் சண்டை வருவது ஒன்றே ஒன்று இருக்கும்போதுதான். ஒரே பந்து, ஒரே ஊஞ்சல். கதையில் அந்த நெருக்கடி இல்லாவிட்டால் குழந்தை அதைத் தன் கதையாக எடுத்துக்கொள்ளாது.

இரண்டாவது, அந்தத் தண்டனை. பகிராத முயலுக்குப் பழம் அழுகியது. ஆனால் வகுப்பில் சிவப்புக் கிரேயானைக் கடைசி வரை கொடுக்காமல் வைத்திருந்த குழந்தைக்கு எதுவும் அழுகுவதில்லை. அது அழகான படம் ஒன்றை வரைந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறது. கதை சொன்னது நடக்கவில்லை என்பதைப் பக்கத்தில் இருக்கும் எல்லாக் குழந்தைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, முயல். இதை நான் யோசித்ததே இல்லை. 2017-ல் டொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் கவனித்தேன். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஸ்டிக்கர்கள் கொடுத்து, ஸ்டிக்கர் கிடைக்காத இன்னொரு குழந்தைக்கு விருப்பமானால் சில தரலாம் என்றார்கள். அப்புறம் ஒரு கதை. அதன் பிறகு மறுபடியும் அதே சோதனை. பகிர்தல் பற்றிய கதையை மனிதர்கள் வரும்படி கேட்ட குழந்தைகள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். அதே கதையைச் சட்டை போட்ட விலங்குகள் வரும்படி கேட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள். இது ஒரே ஆய்வுதான், கதை கேட்ட கையோடு அளந்த அளவுதான். அதனால் விலங்குக் கதைகளையே ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் பாடத்தின் நோக்கமே பகிர்தல் என்றால், அந்த ஒரு கதையிலாவது குழந்தையே வரட்டும்.

'பகிர வேண்டுமா?' என்ற கேள்விக்கு வகுப்பே சேர்ந்து 'ஆமாம்' என்று கத்துவதையும் நம்ப வேண்டாம். மூன்று வயதிலேயே குழந்தைகளுக்குச் சமமாகப் பகிர வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் தன் பங்கில் பாதியைத் தானாகக் கொடுப்பது ஏழு, எட்டு வயதை ஒட்டித்தான் வருகிறது என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தெரிந்ததையே மறுபடி சொல்லித் தருகிறோம். கொடுக்கும் நொடியில் கை இறுகுகிறதே, அதைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

சரி, எப்படிப்பட்ட கதை வேண்டும்? நான் இப்போது சொல்லும் கதையை அப்படியே எழுதுகிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மீரா கடல் வரைந்துகொண்டிருந்தாள். மேசையில் நீலக் கிரேயான் ஒன்றுதான் இருந்தது. அது மீராவின் கையில் இருந்தது.

பக்கத்தில் இருந்த கவின் வானம் வரைய வேண்டும். "நீலம் தர்றியா?" என்று கேட்டான்.

மீரா கிரேயானை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கடல் பாதிதான் முடிந்திருந்தது. கொடுத்தால் திரும்பி வராதோ என்று பயமாக இருந்தது.

கவின் பிடுங்கவில்லை. காத்துக்கொண்டு இருந்தான்.

மீரா தன் படத்தைப் பார்த்தாள். "இந்தப் பெரிய அலை வரைக்கும் வரைஞ்சுட்டுத் தர்றேன். வானம் முடிஞ்சதும் நீ எனக்குத் தரணும்" என்றாள்.

"சரி" என்றான் கவின்.

மீரா அலையை முடித்தாள். கிரேயானை நீட்டினாள். கவின் வண்ணம் தீட்டத் தொடங்கினான். மீரா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வானம் பெரியதாக இருந்தது.

கதை அவ்வளவுதான். இதில் மீரா கெட்டவள் இல்லை. அவளுக்கும் அந்த நீலம் தேவைதான். 'திரும்பி வராதோ' என்ற பயத்தை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். கொடுக்க மறுக்கும் குழந்தையிடம் தனியாக உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் சொல்லும். 'அஞ்சு நிமிஷம் கழிச்சு' என்று மீரா சொல்லாததற்கும் காரணம் உண்டு. ஐந்து வயதுக்கு ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று பிடிபடாது. 'அலை வரைக்கும்' என்றால் இரண்டு பேருக்கும் கண்ணால் தெரியும்.

இன்னொன்று, நாம் பகிர்தல் என்று ஒரே சொல்லில் அடக்குவது பல காரியங்கள். பங்கு போடுவது ஒன்று. இரவல் கொடுத்து வாங்குவது வேறு. மாற்றி மாற்றி விளையாடுவது, நமக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது, எல்லாம் வேறு வேறு. பங்கு போட்டால் பொருள் போய்விடும், இரவல் கொடுத்தால் திரும்பி வரும். இந்த வித்தியாசம் புரியாத குழந்தைதான் கிரேயானைக் கேட்டாலே அழுகிறது. அதனால் ஒரு கதையில் ஒரு வகை போதும். மேலே உள்ளது இரவல் கதை. பங்கு போடும் கதையை வேறொரு நாள் சொல்லலாம், அதற்குக் கொஞ்சம் எண்ணவும் தெரிந்திருக்க வேண்டும்.

கதை முடிந்ததும் நான் கேட்பது இரண்டே கேள்வி. 'இப்போ மீராவுக்கு எப்படி இருக்கும்?' 'கவின் என்ன செய்யணும்?' முதல் கேள்விக்குச் சில குழந்தைகள் 'கோபமா இருக்கும்' என்பார்கள். விட்டுவிடுங்கள். அங்கே 'இல்லை, கொடுத்ததால் மீராவுக்கு சந்தோஷம்' என்று திருத்தினால், அடுத்த நொடியே குழந்தைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். 'மீரா எவ்வளவு நல்ல பொண்ணு பாருங்க' என்று பாராட்டினாலும் அதே கதிதான்.

அதன் பிறகு இரண்டு பேருக்கு ஒரு நீலக் கிரேயான் என்று கொடுத்து, கடலும் வானமும் வரையச் சொல்வேன். கதை வேலை செய்ததா என்று அங்கேதான் தெரியும். முதல் தடவை பாதி மேசைகளில் சண்டை வந்தது. ஒரு மேசையில் மட்டும் ஒரு பையன் தன் படகைக் காட்டி, 'இந்தப் படகு வரைக்கும், அப்புறம் உனக்கு' என்றான். நான் கதையில் படகைப் பற்றிச் சொல்லவே இல்லை. மறுநாளும் அதே கதையைச் சொன்னேன். 'வரைக்கும்' இன்னும் சில மேசைகளில் கேட்டது.

அடுத்த பதிப்புக்கு உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள 'நீதி' வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பாதி வரைந்த கடலும், பாதி வரைந்த வானமும், நடுவில் ஒரு நீலக் கிரேயானும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை