பண்டிதரின் ஒரு சொல்லுக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

‘தயை’ என்ற என் சிறுகதையை வாசித்தவர்கள் தெருவில் மறித்து, “எபிரேயம் எல்லாம் உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் வீட்டுப் படலையைத் தட்டினேன், அவ்வளவுதான். இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், போடவில்லை.

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கதை 1840களில் நடக்கிறது. பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைத் தமிழாக்கிய காலம் அது. அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகியது. என் பண்டிதர் கற்பனை ஆள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்தச் சைவர், வேதாகமத்தில், கணவனை இழந்த பிறகும் மாமியார் நகோமியை விட்டுப் போகாத ரூத்தின் கதையில் வரும் ‘ஹெசெட்’ என்ற எபிரேயச் சொல்லில் சிக்கிக்கொள்கிறார்.

முதல் நன்றி போதகர் ஐயாவுக்கு. சொல்லுக்குப் பொருள் கேட்டுப் போன எனக்கு அவர் முதலில் அகராதியைக் காட்டவில்லை. இன்று நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பைத் தந்து, ரூத்தில் மூன்று இடங்களை வாசிக்கச் சொன்னார். முதலாம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் நகோமி மருமக்களை வாழ்த்தும்போது ‘தயை’. இரண்டாம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் ‘தயவு’. மூன்றாம் அதிகாரம் 10ஆம் வசனத்தில் போவாஸ் ரூத்தைப் புகழும்போது ‘நற்குணம்’. மூன்றும் எபிரேயத்தில் ஒரே சொல். பிறகு 136ஆம் சங்கீதம். 26 வசனங்களிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அந்தக் கிருபையும் ஹெசெட்தான். ஓசியா 6:6இல் அதுவே ‘இரக்கம்’ ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் அதை ‘எலெயோஸ்’, அதாவது இரக்கம், என்று பெயர்த்தார்கள். மத்தேயுவில் இயேசு அந்த வசனத்தைச் சொல்லும்போதும் அந்தச் சொல்லே நிற்கிறது.

“ஒண்டைக் கவனியும் தம்பி,” என்றார் ஐயா. “எபிரேயத்தில ஹெசெட்டை ‘செய்யிறது’ எண்டுதான் சொல்லுவினம். மனசில வாற இரக்கம் மட்டும் காணாது. ஒரு உறவு இருக்கவேணும், அந்த உறவுக்காக ஒரு காரியம் நடக்கவேணும்.” பண்டிதர் இரண்டாம் பக்கத்தில் ‘இரக்கம்’ என்று எழுதி உடனே வெட்டுவது இந்தப் பேச்சால் வந்தது.

அடுத்தது வட்டுக்கோட்டைப் புலவர் ஐயா. பண்டிதர் ஏன் ‘அருள்’ என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது என்று அவரிடம் கேட்டேன். சைவர் ஒருவர் திருவருளைப் பாதிரியாருக்குக் கொடுக்கத் தயங்குவார் என்று நான் எண்ணியிருந்தேன். அது சின்னக் காரணம் என்று தள்ளிவிட்டு, புலவர் குறளை எடுத்தார். ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் உரைப்படி அன்பு தொடர்புடையவர்மேல் செல்வது. அருள் தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது. “உங்கட எபிரேயச் சொல்லு உறவை விட்டால் நிக்காது எண்டுறியள். அப்ப அருள் எப்பிடிப் பொருந்தும்? அன்பு எண்டால் உறவு சரி, ஆனா செய்கை எங்கை?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். கதையின் நடுப்பகுதி முழுவதும் இந்தக் கேள்விதான். அதைப் பாதிரியாருக்கும் பண்டிதருக்குமான வாக்குவாதமாக மாற்றியது மட்டும் என் வேலை.

பிறகு, பக்கத்து வளவு மாமி. அவர் வேதாகமம் படித்தவரல்லர். ரூத்தின் கதையை நான் சொல்ல, 1995 யுத்த இடப்பெயர்வில் தன் ஒழுங்கையில் நடந்ததைச் சொன்னார். புருசனை இழந்த ஒரு பெண், நடக்கமாட்டாத மாமியாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, தென்மராட்சிவரை உருட்டிக்கொண்டு போனாளாம். தாய்வீட்டார் கூப்பிட்டும் அவள் போகவில்லை. “கடமைக்கு எண்டால் வழியில வாற கைதடியோட விட்டிருப்பாள். பாவம் பாத்தெண்டால் ஒருநாள் செய்வாள்,” என்றார் மாமி. அந்த இரண்டு வசனத்தையும் அப்படியே பண்டிதரின் மனைவி வாயில் வைத்துவிட்டேன். ‘கடமை’, ‘தயவு’ இரண்டையும் பண்டிதர் நிறுத்துப் பார்ப்பது அங்கேதான். மாமி, உங்களுக்குச் சொல்லாமல் எடுக்கவில்லை, இருந்தாலும் நன்றி.

கையெழுத்துப் பிரதியை வாசித்த நண்பர்கள் இரண்டு பக்க வருணனையை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன், நன்றி. முடிவைத்தான் மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. புதுச்சொல் ஒன்றைப் பண்டிதர் ஆக்கியிருக்கலாமே என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். வேதக்கோயிலில் சத்தமாக வாசிக்கப்படும் பக்கம் அது. கேட்கிறவர் ஒரு சொல்லில் தடக்கி நின்றால் அடுத்த வசனம் காதில் ஏறாது. அதனால் என் பண்டிதர் ‘தயை’ என்றே எழுதுகிறார், பக்கத்தில் ‘செய்’ என்ற வினையை விடாமல் சேர்த்து. ‘தயைசெய்’ என்பதில் செய்கையாவது மிஞ்சுகிறது. உறவு மிஞ்சவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

போதகர் ஐயா, உங்கள் அகராதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
‘தயை’ கதையை எழுதியவன்
யாழ்ப்பாணம்