விளம்பரப் பணத்துக்குக் கணக்கு கேட்டு எழுதும் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் நாள் உங்கள் உரிமையாளர் என்னிடம் தமிழில்தான் பேசினார், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மூன்று மெயிலுக்குப் பதில் இல்லை. போன் செய்தால் ஆளுக்கு ஆள் மாற்றிவிடுகிறீர்கள். எனக்கு அலுத்துவிட்டது.

செம்பூரில் வீட்டிலேயே ஆரி வேலை பிளவுஸ் தைக்கிறேன். ஜூலையிலிருந்து மூன்று மாதம் உங்களிடம் இன்ஸ்டாகிராம் விளம்பரம் கொடுத்தேன். மாதம் 25,000 ரூபாய். அதில் 20,000 விளம்பரத்துக்கு, 5,000 உங்கள் கூலி என்று வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதிய மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் பில்லில் 'சோஷியல் மீடியா புரமோஷன்' என்று ஒரே வரி, ஜிஎஸ்டியோடு 29,500. எது விளம்பரம், எது கூலி என்று எங்கே பிரித்திருக்கிறீர்கள்?

செப்டம்பர் ரிப்போர்ட்டில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை ஓரம் வெட்டாமல் அனுப்பிவிட்டீர்கள். அதில் Amount spent என்ற இடத்தில் ₹8,212 என்று இருக்கிறது. மாதம் முழுவதற்குமான தொகை அது. விளம்பரத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 9,690 தான் ஆகிறது. மீதி 10,310 ரூபாய் எங்கே? இந்த ஒரு கேள்விக்காகத்தான் கொட்டுகிற மழையில் காட்கோபர் போய், மெட்ரோ பிடித்து, மரோல் நாக்காவில் இறங்கி உங்கள் ஆபீசுக்கு வந்தேன். மூன்று மணிக்கு வரச் சொன்னீர்கள், ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் வீட்டில் ஃபிரேமில் பாதியில் கிடந்தது. கடைசியில் வந்த உங்கள் அக்கவுண்ட் மேனேஜர் நின்றபடியே சொன்னார்: "மேடம், நீங்க தையல் மெஷினைப் பாருங்க, விளம்பரத்தை நாங்க பார்த்துக்கறோம்." இதை நான் மறக்க மாட்டேன். பணம் கொடுத்தவள் கணக்குக் கேட்டால் இதுவா பதில்?

சரி, கோபத்தை விடுகிறேன். விளம்பரம் எப்படி ஓடியது என்றாவது பார்ப்போம். ரிப்போர்ட்டில் ரீச் 1,86,000 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த மாதம் வந்த 214 மெசேஜையும் நானே உட்கார்ந்து எண்ணினேன். மும்பை, நவி மும்பையிலிருந்து வந்தவை 31. மற்றதெல்லாம் பாட்னா, லக்னோ, குவாஹாத்தி. அளவு எடுக்காமல் பிளவுஸ் தைக்க முடியுமா? செம்பூரைச் சுற்றி 15 கிலோமீட்டர் என்று வைக்கச் சொன்னேன், நீங்கள் இந்தியா முழுவதும் வைத்துவிட்டீர்கள். அப்படி வைத்தால் மெசேஜ் மலிவாக விழும், எண்ணிக்கை அழகாகத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்குக் கிடைத்த ஆர்டர் நான்கு. அந்த மாதம் கொடுத்த 29,500-ஐ வகுத்தால் ஒரு ஆர்டருக்கு 7,375 ரூபாய். என் தையல் கூலி 1,800-ல் தொடங்குகிறது. நவராத்திரி சீசன் மொத்தமும் மண்ணாகிவிட்டது, பத்து வருஷமாகச் சேர்த்த பெயரே போய்விட்டது.

இன்னொன்று. விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், ரசீதும் உங்கள் பெயரில். கணக்கை என் பெயரில் திறந்து, என் கார்டைப் போட்டு, உங்களைப் பார்ட்னராகச் சேர்த்திருந்தால் விளம்பரப் பணம் உங்கள் கையைத் தொட்டே இருக்காது. கூலியைத் தனியாகக் கொடுத்திருப்பேன். பக்கத்துத் தெருவில் ஊறுகாய் விற்கிற அக்காவுக்கு ஒரு பையன் அப்படித்தான் செய்து கொடுக்கிறான். எவ்வளவு செலவானது, எத்தனை ஆர்டர் வந்தது என்று வாரா வாரம் இரண்டு வரியில் அனுப்புகிறான்.

தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள். மூன்று மாதமும் விளம்பரத்துக்குக் கட்டிய ஒவ்வொரு ரசீதும் டிரான்சாக்‌ஷன் எண்ணோடு வேண்டும். அந்தக் கணக்கை நானே திறந்து பார்க்க அனுமதி வேண்டும், வெட்டிய ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். என் பக்கத்தின் முழு அட்மின் உரிமையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். செலவாகாத பணத்தை என் வங்கிக் கணக்கில் போடுங்கள். அப்புறம், அந்த மேனேஜர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நீங்கள் நல்லபடியாக முடித்தால் நானும் இதோடு விட்டுவிடுகிறேன். ஏழு நாளில் பதில் வராவிட்டால் 1915-ல் நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிவு செய்வேன், அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை, வழக்கு நிற்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். சொந்தக் கையால் தொழில் செய்து பிழைப்பவள் நான், வழக்கு நிற்குமா என்பதை ஆணையமே சொல்லட்டும். உங்கள் மெசேஜ், பில், அந்த ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
செம்பூர், மும்பை