குரு நீசம் என்று கலங்கும் மருமகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஜோசியர் உன் ஜாதகத்தைப் பார்த்ததும் "குரு நீசம், அதிர்ஷ்டம் குறைவு, ஆலங்குடி போய்க் கொண்டைக்கடலை மாலை சாத்துங்கள்" என்று சொன்னதாக அம்மா வருத்தப்பட்டாள். ஆலங்குடிக்குத் தாராளமாகப் போய் வா. ஆனால் பயந்துகொண்டு போகாதே. அவர் ராசியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருடம் இருப்பார். 1997-இல் பிறந்த அத்தனை பேருக்கும் குரு மகரத்தில்தான், அதாவது அவர் பலம் குறையும் நீச ராசியில்தான். ராசி சொல்வது குருவின் குணத்தை. அந்தக் குணம் வாழ்க்கையில் எங்கே வேலை செய்யும் என்பதை லக்னத்திலிருந்து எண்ணி வரும் வீடுதான் சொல்லும். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவதால், ஒரே நாளில் பிறந்தவர்களுக்கும் வீடு வேறுபடும்.

முதலில் குணத்தைப் பார்ப்போம். மகரம் சனியின் வீடு. அங்கே குரு கையை அள்ளி வீச மாட்டார், கணக்குப் பார்த்துக் கொடுப்பார். உன்னோடு வேலை பார்ப்பவரின் மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறாயே, அதை யோசித்துப் பார். பணத்தை அவர் கையில் தராமல் நீயே பள்ளிக்குப் போய்க் கட்டி, ரசீதை வாங்கிக் கோப்பில் வைக்கிறாய். பக்தியிலும் அப்படித்தான். காரணம் சொல்லாமல் எந்த விரதமும் இருக்க மாட்டாய், ஒப்புக்கொண்ட பிரதோஷத்தை ஒருமுறைகூட விட மாட்டாய். இதை எப்படியம்மா குறை என்பது?

சரி, இப்போது வீடு. உனக்கு ரிஷப லக்னம். மகரம் ஒன்பதாம் இடம், பாக்கியஸ்தானம். தந்தை, ஆசான், தெய்வ நம்பிக்கை எல்லாம் அந்த இடம்தான். அங்கிருந்து குருவின் ஐந்தாம் பார்வை உன் லக்னத்தின் மேலேயே விழுகிறது. இன்னொரு பெரிய விஷயம், 1997 முழுக்கச் சனி மீனத்தில் இருந்தார். மீனம் குருவின் வீடு. குரு சனி வீட்டில், சனி குரு வீட்டில். இதுதான் பரிவர்த்தனை. உனக்கு இது ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும், அதாவது பாக்கியத்துக்கும் லாபத்துக்கும் நடக்கிறது. போதாததற்கு உன் மிதுன ராசிக்குச் சனி பத்தில், கேந்திரத்தில் இருக்கிறார். நீசம் பங்கமாக, அதாவது அதன் கெடுதல் நீங்க, இது போதும். குரு மிகவும் பலம் குறையும் பரம நீச பாகை மகரத்தில் ஐந்து. நீ பிறந்த ஆவணியில் அவர் அதைத் தாண்டி இருபது பாகைக்கு மேல், வக்ரத்தில் நின்றார்.

அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ரிஷபத்துக்குக் குரு எட்டாம் அதிபதியும்கூட. எட்டுக்குடையவர் ஒன்பதில் வந்தால் தந்தை வழியில் ஒரு சறுக்கல் வரும் என்பார்கள். திருவாதிரையில் பிறந்த உனக்கு 2007 முதல் 2023 வரை குரு தசை. அதற்குள்தான் நீ பிளஸ் டூ படிக்கும்போது அப்பாவின் கடை மூடியது. அதே தசையில்தான் உன் கணக்கு வாத்தியார் முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார். எட்டாம் அதிபதியாகக் கெடுத்த அதே குருவே ஆசான் மூலமாகக் கை கொடுத்தார். இன்று நீ கட்டும் கட்டணம் அதன் தொடர்ச்சி என்றுதான் நான் படிக்கிறேன்.

இப்போது நடப்பது சனி தசை, மொத்தம் பத்தொன்பது வருடம். குரு வீட்டில் இருக்கும் சனி என்பதால் பாக்கியமும் லாபமும் சேர்ந்தே வர வேண்டும், ஆனால் சனியின் வேகத்தில்தான் வரும். பதவி உயர்வு மூத்தவர்கள், பழைய நண்பர்கள் வழியாக வரும். திடீர்ப் பணத்தை நம்பி யாரோடும் கூட்டுச் சேராதே.

ஒன்றை மட்டும் நீ சரிபார்க்க வேண்டும். ஜாதகத்தில் பிறந்த நேரம் நள்ளிரவு 12.40 என்று இருக்கிறது. அன்று ஒரு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் மிதுன லக்னம் பிறந்துவிடுகிறது. அப்படியானால் மகரம் எட்டாம் வீடு, பரிவர்த்தனை எட்டுக்கும் பத்துக்கும் என்றாகிவிடும், நான் சொன்ன பாக்கியக் கணக்கு நிற்காது. அப்பா, வாத்தியார் விஷயங்கள் ஒன்பதாம் இடத்தோடு பொருந்துவதால் ரிஷபம்தான் என்று நம்புகிறேன். இருந்தாலும் மருத்துவமனையில் கொடுத்த பழைய சீட்டு அம்மாவின் பீரோவில் இருக்கும், தேடி எடுத்து எனக்கு போட்டோ அனுப்பு. அது வரட்டும், அப்புறம் நவாம்சத்தையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா